பலகோணத்தின் முனைகள் வலஞ்சுழியா, இடஞ்சுழியா? பரப்புக் கூட்டலின் குறியை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

வரைபடத்தில் ஒரு சின்ன நிலத்துண்டுக்கு மட்டும் வண்ணம் பூசச் சொல்லி நிரல் எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு மீதி உலகம் முழுக்க வண்ணம் பூசியிருந்தது. வண்ணம் பூசும் வரிகளை ஒரு மதியம் முழுக்கக் குடைந்தேன், அங்கே தப்பே இல்லை. கோப்பில் நிலத்தின் முனைகள் எழுதப்பட்டிருந்த வரிசைதான் நான் பயன்படுத்திய நிரலகம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. உருண்டையான பூமியின் மேல் ஒரு மூடிய கோட்டை வரைந்தால் அதற்கு இரண்டு பக்கமும் நிலம்தான். எந்தப் பக்கம் 'உள்ளே' என்பதை அந்த நிரலகம் முனைகளின் வரிசையிலிருந்தே தெரிந்துகொள்கிறது.

அந்த வரிசை வலஞ்சுழியாகப் போகிறதா, இடஞ்சுழியாகப் போகிறதா என்று எண்களிலிருந்து கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கடிகார முள் சுற்றும் பக்கம் வலஞ்சுழி, அதற்கு எதிர்ப்பக்கம் இடஞ்சுழி. இன்னொரு விதமாகவும் சொல்லலாம். முனைகளின் வரிசைப்படி எல்லையில் நடந்து போகும்போது உள்பகுதி உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் இடஞ்சுழி, வலக்கைப் பக்கம் இருந்தால் வலஞ்சுழி. x வலப்பக்கமும் y மேற்பக்கமும் வளர்கின்றன என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். கணினித் திரையில் y கீழ்நோக்கி வளரும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே ஒரு மூலையைப் பார்த்தால் போதாதா?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான்: அடுத்தடுத்த மூன்று முனைகளை எடுத்து, இடப்பக்கம் திரும்புகிறதா வலப்பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தால் முடிந்ததே? எல்லா மூலையும் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் பலகோணத்தில் இது சரியாக வரும். எங்காவது ஒரு மூலை உள்ளே மடங்கியிருந்தால் ஏமாற்றிவிடும்.

இந்த ஐந்து முனைகளைத் தாளில் வரைந்து பாருங்கள்: அ(1,1), ஆ(7,1), இ(7,5), ஈ(4,2), உ(1,5). ஒரு செவ்வகத்தின் மேல்விளிம்பை நடுவில் கீழே அழுத்திவிட்டது போல இருக்கும். அ, ஆ, இ என்று போகும்போது இடப்பக்கம் திரும்புகிறோம். ஆனால் இ, ஈ, உ என்று போகும்போது வலப்பக்கம் திரும்புகிறோம். உங்கள் நிரல் தற்செயலாக ஈ என்ற மூலையைப் பார்த்திருந்தால் 'வலஞ்சுழி' என்று சொல்லியிருக்கும். உண்மையில் இந்த வடிவம் இடஞ்சுழியாகவே சுற்றுகிறது. அதனால் எல்லா விளிம்புகளும் சேர்ந்து ஒரு முடிவு சொல்ல வேண்டும். பரப்புக் கூட்டல் அதைத்தான் செய்கிறது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்

நீங்கள் (0,0) என்ற ஆதிப்புள்ளியில் நிற்கிறீர்கள். ஒருவர் பலகோணத்தின் எல்லையில், முனைகளின் வரிசைப்படி நடக்கிறார். உங்கள் கைக்கும் அவர் கைக்கும் நடுவே நீளவும் சுருங்கவும் கூடிய ஒரு ரப்பர் கயிறு இருக்கிறது. அவர் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போகும்போது, துடைப்பம் தரையைப் பெருக்குவது போல, கயிறு ஒரு முக்கோணத்தைப் பெருக்கிவிட்டுப் போகிறது. அவர் இடஞ்சுழியாக உங்களைச் சுற்றி நகர்ந்தால் அந்த முக்கோணத்தின் பரப்பைக் கூட்டுங்கள். வலஞ்சுழியாக நகர்ந்தால் கழியுங்கள்.

பலகோணம் உங்களிடமிருந்து தள்ளி இருக்கிறது, அவர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறார் என்றால் என்ன ஆகும்? தூரத்தில் உள்ள விளிம்புகளில் போகும்போது கயிறு இடஞ்சுழியாக நகர்ந்து, பலகோணத்தையும் அதற்கும் உங்களுக்கும் இடையில் உள்ள வெற்று நிலத்தையும் சேர்த்துப் பெருக்கும். பக்கத்தில் உள்ள விளிம்புகளில் திரும்பி வரும்போது கயிறு வலஞ்சுழியாக நகர்ந்து, அந்த வெற்று நிலத்தை மட்டும் கழித்துவிடும். மிஞ்சுவது பலகோணத்தின் பரப்பு, மிகைக் குறியோடு. அவர் எதிர்த்திசையில் நடந்திருந்தால் கூட்டியது எல்லாம் கழித்தலாகி, அதே பரப்பு குறைக் குறியோடு வரும். அளவு பரப்பைச் சொல்கிறது, குறி திசையைச் சொல்கிறது.

(x1, y1) என்ற முனையிலிருந்து (x2, y2) என்ற முனைக்குப் போகும்போது கயிறு பெருக்கும் முக்கோணப் பரப்பின் இரண்டு மடங்கு இதுதான்:

```
x1*y2 - x2*y1
```

இந்தக் கணக்கே கூட்டலா கழித்தலா என்பதையும் குறியில் கொடுத்துவிடும். நாம் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டால் வகுப்பதும் தேவையில்லை. திசை மட்டும் வேண்டுமென்றால் குறி போதும், வகுத்தால் அது மாறப்போவதில்லை.

கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன ஐந்து முனைகளையே எடுப்போம். ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு வரி. கடைசி முனையான உ-விலிருந்து முதல் முனையான அ-வுக்குத் திரும்பும் விளிம்பையும் சேர்க்க வேண்டும்.

```
அ → ஆ   1×1 − 7×1  =  −6
ஆ → இ   7×5 − 7×1  =  28
இ → ஈ   7×2 − 4×5  =  −6
ஈ → உ   4×5 − 1×2  =  18
உ → அ   1×1 − 1×5  =  −4
கூட்டல்             =  30
```

கூட்டல் 30, மிகை எண். ஆகவே இடஞ்சுழி. பாதி எடுத்தால் பரப்பு 15. இதைச் சரிபார்ப்பதும் எளிது: முழுச் செவ்வகம் 6 × 4 = 24. மேலே அழுங்கிய முக்கோணத்தின் அடிப்பக்கம் 6, உயரம் 3, பரப்பு 9. 24-இல் 9 போக 15. பொருந்துகிறது. உள்ளே மடங்கிய ஈ என்ற மூலை இந்தக் கூட்டலை ஏமாற்ற முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். தனித்தனி வரிகளில் மூன்று குறை எண்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கடைசிக் கூட்டல் மட்டுமே பேசும்.

தேடிப் பார்க்கும்போது `(x2-x1)*(y2+y1)` என்று இன்னொரு வடிவமும் உங்கள் கண்ணில் படும். அது ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே x அச்சு வரை உள்ள சரிவகத்தைக் கூட்டுவது. அதுவும் சரிதான், ஆனால் அதன் குறி நேர் எதிர்: மிகை என்றால் வலஞ்சுழி. நம் ஐந்து முனைகளுக்கு அது −30 தரும். ஒரு இடத்திலிருந்து வாய்பாட்டையும் இன்னொரு இடத்திலிருந்து 'மிகை என்றால் இப்படி' என்ற விதியையும் எடுத்துச் சேர்த்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி விளிம்பை மறந்தால்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, கடைசி முனையிலிருந்து முதல் முனைக்குத் திரும்பும் விளிம்பை விட்டுவிடுவது. நிரலில் உள்ள for சுழற்சி கடைசிக்கு முந்தைய முனையோடு நின்றுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. மேலே உள்ள கணக்கில் கடைசி வரியை விட்டால் 34 வரும். குறி மாறாததால் தவறு தெரியாமலே போய்விடும். ஆனால் இந்த முக்கோணத்தைப் பாருங்கள்: (2,6), (2,2), (6,2).

முதல் விளிம்பு 2×2 − 2×6 = −8. இரண்டாவது 2×2 − 6×2 = −8. திரும்பும் விளிம்பு 6×6 − 2×2 = 32. மொத்தம் 16, இடஞ்சுழி, பரப்பு 8. திரும்பும் விளிம்பை விட்டுவிட்டால் கூட்டல் −16. இது ரொம்ப மோசமான தவறு. ஏனென்றால் குறியை நீக்கிப் பரப்பைச் சரிபார்த்தால் அப்போதும் 8 என்றே வரும். 'பரப்பு சரியாக வருகிறது, அப்படியென்றால் கூட்டலும் சரி' என்று நினைத்துப் போய்விடுவோம். திசை மட்டும் தலைகீழாக இருக்கும்.

கயிற்றை நினைத்தால் காரணம் புரியும். நடப்பவர் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வராமல் பாதியில் நின்றுவிட்டார். நாம் அளந்தது அந்த முக்கோணத்தை அல்ல. உங்கள் காலடியையும் ஒரு முனையாகச் சேர்த்துக்கொண்ட வேறொரு வடிவத்தை.

முதல் முனையிலேயே போய் நின்றுவிடுங்கள்

இதற்கு எனக்குப் பிடித்த மருந்து ஒன்று உண்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆதிப்புள்ளியில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே நின்றாலும் மொத்தக் கூட்டல் அதேதான். அப்படியானால் பலகோணத்தின் முதல் முனையிலேயே நின்றுகொள்ளலாம். அதாவது, எல்லா முனைகளிலிருந்தும் முதல் முனையின் x, y மதிப்புகளைக் கழித்துவிட்டுக் கூட்டலைப் போட வேண்டும்.

அப்போது நடப்பவர் உங்களிடமிருந்து கிளம்பும்போது கயிறு நீளும், அவ்வளவுதான், எதையும் பெருக்காது. கடைசி விளிம்பில் உங்களிடம் திரும்பி வரும்போது கயிறு சுருங்கும், அப்போதும் எதையும் பெருக்காது. இரண்டு விளிம்புகளின் பங்கும் பூஜ்ஜியம். கடைசி விளிம்பை மறந்தாலும் விடை கெடாது. சில கோப்புகளில் முதல் முனையையே கடைசியில் மறுபடி எழுதி வடிவத்தை மூடியிருப்பார்கள், அதனாலும் கெடாது. அந்த முக்கோணத்தையே இப்படிச் செய்து பார்த்தால் முனைகள் (0,0), (0,−4), (4,−4) என்று ஆகும். நடு விளிம்பு மட்டும் 0×(−4) − 4×(−4) = 16 தருகிறது. விடை அதேதான்.

இதில் இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. நில அளவைக் கோப்புகளில் x 500000-ஐ ஒட்டியும் y 1200000-ஐ ஒட்டியும் இருப்பது சாதாரணம். இரண்டையும் பெருக்கினால் 600000000000. ஒவ்வொரு விளிம்புக்கும் இவ்வளவு பெரிய எண்கள் வந்து ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, கடைசியில் சில சதுர மீட்டர் மிஞ்ச வேண்டும். 64 பிட் தசம எண்ணுக்கு அந்த அளவில் இரண்டு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 0.0001, அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 32 பிட் தசம எண்ணில் அதே இடைவெளி 65536. ஒரு வீட்டு மனையின் திசையை அதில் கேட்டால் வரும் குறிக்கு அர்த்தமே இல்லை. 32 பிட் முழு எண்களிலும் சிக்கல் உண்டு: 50000 × 50000 என்ற பெருக்கலே அதன் உச்சமான 2147483647-ஐத் தாண்டிவிடும். பல மொழிகளில் அது சத்தமில்லாமல் குறை எண்ணாகச் சுருண்டுகொள்ளும். முதல் முனையைக் கழித்துவிட்டால் மிஞ்சும் எண்கள் எல்லாம் பலகோணத்தின் அளவுக்குத்தான் இருக்கும்.

நிரல்

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def area2(pts):
    x0, y0 = pts[0]
    s = 0
    n = len(pts)
    for i in range(n):
        x1, y1 = pts[i]
        x2, y2 = pts[(i + 1) % n]
        s += (x1 - x0) * (y2 - y0) - (x2 - x0) * (y1 - y0)
    return s
```

`(i + 1) % n` என்பது கடைசி முனைக்கு அடுத்ததாக முதல் முனையை எடுக்கிறது. கடைசி விளிம்பின் பங்கு பூஜ்ஜியம்தான் என்றாலும் அதை எழுதியே வையுங்கள். நாளைக்கு யாராவது கழித்தலை நீக்கினாலும் நிரல் தாங்கும். எழுதி முடித்ததும் நம் ஐந்து முனைகளைக் கொடுத்து 30 வருகிறதா என்றும், அதே பட்டியலைத் தலைகீழாகக் கொடுத்து −30 வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், பட்டியலை நடுவிலிருந்து தொடங்கி, அதாவது இ, ஈ, உ, அ, ஆ என்று கொடுத்துப் பாருங்கள். மறுபடி 30 வர வேண்டும். எந்த முனையில் தொடங்கினாலும் விடை மாறக்கூடாது. மாறினால் எங்கோ ஒரு விளிம்பு விடுபட்டிருக்கிறது.

y எந்தப் பக்கம் வளர்கிறது?

சரி, தள்ளி வைத்த விஷயத்துக்கு வருவோம். கணினித் திரையில், படக் கோப்பில், SVG-யில், y கீழ்நோக்கி வளர்கிறது. இது தாளைக் கண்ணாடியில் பார்ப்பதற்குச் சமம். எண்கள் அதேதான், கூட்டலும் அதேதான், கண்ணுக்குத் தெரியும் திசை மட்டும் எதிர்ப்பக்கமாகிவிடும். அங்கே மிகைக் குறி என்றால் கண்ணுக்கு வலஞ்சுழி.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிய இடத்தில் வேலை தொடங்கும்போது (0,0), (1,0), (0,1) என்ற மூன்று முனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் எப்போதும் 1, மிகை. இப்போது அந்த இடத்தில் அந்த மூன்று புள்ளிகளும் எங்கே விழுகின்றன என்று வரைந்து பாருங்கள். திரையில் என்றால் முதல் புள்ளி மேல் இடது மூலையில், இரண்டாவது அதற்கு வலப்பக்கம், மூன்றாவது முதல் புள்ளிக்கு நேர் கீழே. விரலால் தொடர்ந்து போனால் வலஞ்சுழி. 'மிகை என்றால் இது' என்ற விதி அந்த இடத்துக்குத் தீர்ந்தது. நிரலில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிடுங்கள்.

x-ஐயும் y-ஐயும் இடம் மாற்றிப் போட்டாலும் குறி புரளும். புவியிடக் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம், GeoJSON-இல் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். ஒரு இடத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டு, இன்னொரு இடத்தில் y திசையையும் தவறாக எடுத்திருந்தால், இரண்டு தவறும் ஒன்றையொன்று ரத்து செய்து சரியான குறியைக் காட்டும். பிறகு ஒருவர் வந்து அதில் ஒன்றை மட்டும் திருத்துவார், எல்லாம் உடையும். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் மூன்று புள்ளிச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

எந்தத் திசை 'சரி' என்பது நீங்கள் எழுதப்போகும் கோப்பு வகையைப் பொறுத்தது. GeoJSON-க்கான 2016-ஆம் ஆண்டு வரையறையான RFC 7946, வெளி எல்லை இடஞ்சுழியாகவும் உள்ளே உள்ள ஓட்டைகள் வலஞ்சுழியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. Shapefile-இல் இது நேர்மாறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுதான் இந்தக் கூட்டல் அதிகம் தேவைப்படுகிறது.

பூஜ்ஜியம் வந்தால்

கூட்டல் பூஜ்ஜியமாக வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முனைகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கலாம். அப்போது உள்பகுதி என்று ஒன்று இல்லை, திசையும் இல்லை. அல்லது எல்லை தன்னையே குறுக்காக வெட்டிக்கொண்டிருக்கலாம். (0,0), (4,4), (4,0), (0,4) என்று போனால் பட்டாம்பூச்சிச் சிறகு போல இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்று இடஞ்சுழியாகவும் மற்றது வலஞ்சுழியாகவும் சுற்றுவதால், விளிம்பு வரிகளில் வரும் −16-உம் 16-உம் கூடி பூஜ்ஜியம் ஆகிறது.

இதில் பூஜ்ஜியம் வருவது நல்லதுதான், எச்சரிக்கையாவது கிடைக்கிறது. ஒரு சிறகு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் கூட்டல் பெரிய சிறகின் குறியைக் காட்டும், பார்க்க ஒழுங்கான விடை போலவே இருக்கும். எல்லை தன்னை வெட்டிக்கொள்கிறதா என்று இந்தக் கூட்டலால் கண்டுபிடிக்க முடியாது. கையால் வரைந்த, அல்லது வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வடிவங்கள் என்றால் அந்தச் சோதனையைத் தனியாக முதலில் செய்துவிட வேண்டும்.

தசம எண்களில் மிகச் சரியாகப் பூஜ்ஜியம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே கோட்டில் உள்ள முனைகளுக்குக்கூட 0.0000000001 மாதிரி ஏதாவது வரும், அதன் குறி வெறும் தற்செயல். நான் பலகோணத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அதன் நீண்ட பக்கத்தின் வர்க்கத்தை எடுத்துக்கொள்வேன். 64 பிட் எண்களில், குறியை நீக்கிய கூட்டல் அதில் 0.000000000001 பங்குக்கும் குறைவாக இருந்தால் 'திசை தெரியவில்லை' என்று தனியாகத் திருப்பி அனுப்புவேன். வலம், இடம் என்று இரண்டே விடை தரும் செயல்கூறு, இந்த இடத்தில் கட்டாயம் ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும்.

திருப்பிப் போடும்போது

திசை தவறாக இருந்தால் பட்டியலைத் தலைகீழாக்கினால் போதும், `pts[::-1]`. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு விளிம்புக்கும் 'இது சாலைப் பக்கம்', 'இது வேலி' என்று தனிக் குறிப்பு வைத்திருந்தால், அந்தப் பட்டியலையும் அப்படியே தலைகீழாக்கக் கூடாது. முனைகள் அ, ஆ, இ, ஈ, உ என்று இருந்தபோது முதல் குறிப்பு அ–ஆ விளிம்புடையது, கடைசிக் குறிப்பு உ–அ விளிம்புடையது. திருப்பிய பிறகு முனைகள் உ, ஈ, இ, ஆ, அ. இப்போது முதல் விளிம்பு உ–ஈ, கடைசி விளிம்பு அ–உ. குறிப்புகளை வெறுமனே தலைகீழாக்கினால் முதலில் வருவது உ–அ-வின் குறிப்பு, அதாவது ஒரு இடம் தள்ளிப் போய்விட்டது. தலைகீழாக்கிய பிறகு முதல் குறிப்பை எடுத்துக் கடைசியில் வைத்தால் எல்லாம் அதனதன் விளிம்பில் உட்காரும்.